நேர்முகம் முடிந்த மறுநாளுக்குள் ஒரு சிறு கடிதம்



இறுதி நேர்முகத் தேர்வு முடிந்து பிள்ளை வீடு திரும்புகிறது. வாசலிலேயே, "எப்படி இருந்தது?" என்று கேட்கிறோம். "பரவாயில்லை, கூப்பிடுவதாகச் சொன்னார்கள்" என்று பதில் வருகிறது. அதன்பின் எல்லாரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். நம் பங்கு முடிந்துவிட்டது, இனி அவர்கள் பாடு என்று நினைக்கிறோம்.

உண்மையில் ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிறது. நேர்முகத்துக்கு அழைத்த ஆள்சேர்ப்பு அதிகாரிக்கு, ஒரு நாளுக்குள், ஐந்தாறு வரியில் ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். அதை எழுதும் விதத்தில் எழுதினால் பயன் உண்டு. எழுதத் தெரியாமல் எழுதினால் கெடுதலும் உண்டு. பந்திங் வட்டாரத்தில் நான் கண்ட ஒரு சம்பவத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி. தகப்பனார் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பிள்ளை பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா முடித்து, கிள்ளான் துறைமுகப் பக்கம் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். முதல் நேர்முகம் தொலைபேசியில் நடந்தது. இறுதி நேர்முகம் ஒரு வியாழக்கிழமை காலை 10 மணிக்கு, அலுவலகத்திலேயே நடந்தது. கணக்குப் பிரிவு நிர்வாகியும் இன்னோர் அதிகாரியும் கேள்வி கேட்டார்கள். இவளை அழைத்து, தேதி குறித்து, பத்திரங்களை வாங்கி வைத்தவர் மனிதவளப் பிரிவைச் சேர்ந்த ஒரு மலாய்க்காரப் பெண்மணி. அவர்தான் ஆள்சேர்ப்பு அதிகாரி.

அன்று மாலை தகப்பனும் மகளுமாக என் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளையின் முகம் வாடியிருந்தது.

"கணக்குக் கேள்வியெல்லாம் சொல்லிட்டேன் சார். ஆனா மாசக் கடைசியிலே ராத்திரி 8 மணி வரைக்கும் இருக்கணும், பந்திங்கிலேர்ந்து எப்படி வந்து போவேன்னு கேட்டாங்க. எனக்கு வாயடைச்சுப் போச்சு. 'சமாளிச்சுக்குவேன்'னு மட்டும் சொன்னேன்."

தகப்பனார் தமக்குத் தோன்றிய வழியைச் சொன்னார். "வாத்தியாரய்யா, அந்த அம்மாவுக்கு ஒரு கூடை பழம் கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளைக்காக ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்ன?"

அவரைக் குறை சொல்ல முடியாது. செக்ரோலில் பிள்ளை பெயர் ஏற வேண்டுமானால் பெரிய கிராணி வீட்டுக்குச் சேவலோ தேங்காயோ போன காலத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். நன்றி என்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது அந்த அனுபவம் கற்றுக் கொடுத்த பாடம். ஆனால் இன்றைய அலுவலகத்தில் அந்தப் பழக்கூடை பிள்ளைக்குப் பகையாகிவிடும். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009 தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. 2020 ஜூன் மாதம் முதல், ஊழியர் செய்யும் லஞ்சத்துக்கு நிறுவனமே பதில் சொல்ல வேண்டிய விதியும் நடப்பில் இருக்கிறது. அதனால் வெளியாரிடம் பரிசு வாங்கக் கூடாது என்று பல நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு எழுத்திலேயே உத்தரவிட்டிருக்கின்றன. முடிவு சொல்லாத நேரத்தில் பழக்கூடை வந்தால், அந்தப் பெண்மணி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். மேலிடத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கலாம். மனுக்காரியின் பெயர் அப்படியா அங்கே அடிபட வேண்டும்?

"கூடை வேண்டாம் அண்ணே, கடிதம் போதும்" என்றேன்.

ஏன் கடிதம்? ஏன் ஒரு நாளுக்குள்? நேர்முகம் முடிந்தபின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும்.

கேள்வி கேட்டவர்கள் ஒவ்வொரு மனுக்காரருக்கும் ஒரு தாளில் மதிப்பெண்ணோ குறிப்போ எழுதுவார்கள். கடைசி ஆளையும் பார்த்து முடித்ததும், பெரும்பாலும் அன்றோ மறுநாளோ, உட்கார்ந்து ஒப்பிடுவார்கள். யார் முதல், யார் அடுத்தது என்று வரிசை பிறக்கும். ஆள்சேர்ப்பு அதிகாரி அந்த வரிசையை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு அனுமதி வாங்குவார்; முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிப்பார்; பிறகு முதலில் நிற்பவருக்கு அழைப்பு விடுப்பார். இரண்டாவது ஆளை உடனே கழித்துவிட மாட்டார். முதல் ஆள் வர மறுத்தால் வேண்டுமே என்று கையில் வைத்திருப்பார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஆள்சேர்ப்பு அதிகாரி பெரும்பாலும் முடிவு செய்கிறவர் அல்லர்; முடிவு செய்கிறவர்களிடம் செய்தியைக் கொண்டு போகிறவர். ஆகவே உங்கள் கடிதத்தில் அவர் கொண்டுபோகத் தக்க ஒரு செய்தி இருக்க வேண்டும். மற்றொன்று, வரிசை எழுதப்படும் முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். நான்கு நாள் கழித்து வரும் நல்ல கடிதம், பந்தி முடிந்தபின் வந்த பாயசம்தான்.

இந்த வழக்கம் பெரும்பாலும் அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே பலர் இதை எதிர்பார்க்கவே செய்கிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. எழுதாவிட்டால் இங்கே எவரும் பெரிய குற்றமாக எண்ண மாட்டார்கள். எழுதினால்தான் வேலை கிடைக்கும் என்று நான் சொன்னால் அது பொய். நேர்முகத்தில் கோட்டை விட்டவரை எந்தக் கடிதமும் தூக்கி நிறுத்தாது. இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும்போதும், ஒரு சந்தேகம் பாக்கி இருக்கும்போதும்தான் இது உதவும். நம் பிள்ளைக்கு அப்படி ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அதுதான் அந்த இரவு 8 மணிக் கேள்வி.

பிள்ளை பேருந்தில் வரும்போதே கைத்தொலைபேசியில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். அதைக் காட்டினாள். அதன் சாரம் இது: என் அப்பா தோட்டத் தொழிலாளி, தம்பிகள் இருவர் படிக்கிறார்கள், இந்த வேலை கிடைத்தால்தான் குடும்பம் தலைநிமிரும், தயவுசெய்து எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள், இந்த உதவியைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது நன்றிக் கடிதம் அன்று, விண்ணப்பம். படிக்கிறவர் இரக்கப்படலாம், இரக்கத்தை மதிப்பெண் தாளில் எழுத இடம் இல்லை. அதோடு, காலையில் ஒத்துவராத வங்கிக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது என்று நிமிர்ந்து பதில் சொன்ன பெண், மாலையில் கைகூப்பி நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. காலையில் சம்பாதித்த மதிப்பை மாலையில் ஏன் இழக்க வேண்டும்?

அந்த வரிகளை எடுத்துவிட்டு, அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். முதலாவது, "அங்கே அவர்கள் சொன்னதில் உனக்குப் புதிதாகத் தெரிந்தது என்னம்மா?" மாதக் கடைசியில் சரக்குக் கட்டணப் பட்டியல்களையும் வங்கிக் கணக்கையும் ஒத்துப் பார்க்கும் முறையை நிர்வாகி விளக்கினார் என்றாள். இரண்டாவது, "நீ சொல்லாமல் விட்டது எது?" போக்குவரத்து என்றாள். மூன்றாவது, "இப்போது கேட்டால் என்ன பதில் சொல்வாய்?"

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. தகப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பந்திங்கிலிருந்து தெலுக் பங்லிமா காராங் வழியாகத் துறைமுகம் 30 கிலோமீட்டருக்கு மேல். இரவில் ஒரு பெண் பிள்ளை மோட்டார் சைக்கிளில் வருவதை வீட்டில் ஒப்ப மாட்டார்கள். கடைசியில் தகப்பனார்தான், "கிள்ளான்ல அவ மாமா வீடு இருக்கே. மாசக் கடைசியிலே நாலு நாள் அங்கே தங்கிக்கட்டும்" என்றார்.

"முதலில் மாமாவைக் கேளுங்கள்" என்றேன். அங்கேயே தொலைபேசி போட்டார்கள். மாமாவும் அத்தையும் சரியென்றார்கள். அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தோம். இந்த வரிசை முக்கியம். கடிதத்தில் எழுதுவது எழுத்து மூலமான வாக்கு. வேலையில் சேர்ந்தபின், "மாமா வீட்டில் ஒத்துவரவில்லை" என்று சொல்ல முடியாது. ஏற்பாடு உறுதியாகாவிட்டால் அந்த வரியையே எழுதக் கூடாது.

அவளை அழைத்த மின்னஞ்சல் மலாயில் வந்திருந்தது. ஆகவே பதிலும் மலாயிலேயே. ஆங்கிலத்தில் வந்திருந்தால் ஆங்கிலத்தில் எழுதியிருப்போம். அவள் எழுதியதன் தமிழ் வடிவம் இதோ:

"தலைப்பு: நன்றி – கணக்குப் பிரிவு உதவியாளர் நேர்முகம், வியாழக்கிழமை காலை 10 மணி.

மதிப்பிற்குரிய புவான்,

வியாழக்கிழமை காலை நடந்த நேர்முகத்துக்கு நேரம் ஒதுக்கியமைக்கு உங்களுக்கும் கணக்குப் பிரிவு நிர்வாகிக்கும் நன்றி. மாதக் கடைசியில் கட்டணப் பட்டியல்களையும் வங்கிக் கணக்கையும் ஒத்துப் பார்க்கும் முறையை அவர் விளக்கியதால், இந்த வேலை எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெளிவானது.

மாதக் கடைசியில் இரவு 8 மணி வரை இருப்பது பற்றிக் கேட்டபோது நான் முழுமையாகப் பதில் சொல்லவில்லை. அந்த நாட்களில் கிள்ளானில் உள்ள என் மாமா வீட்டில் தங்குவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். இதை நிர்வாகியிடமும் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

இந்த வேலையைச் செய்ய எனக்கு விருப்பம் உண்டு. வேறு பத்திரங்கள் தேவைப்பட்டால் உடனே அனுப்பி வைக்கிறேன்."

கீழே அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரும் தொலைபேசி எண்ணும். அவ்வளவுதான். கடிதம் கைத்தொலைபேசித் திரையில் அடங்கிவிட்டது.

ஒவ்வொரு பகுதியும் ஏன் இருக்கிறது என்று பாருங்கள். தலைப்பில் வேலையின் பெயரும் நாளும் இருப்பதால், பல வேலைகளுக்கு ஆள் பார்க்கும் அதிகாரி, யார் இது என்று தேட வேண்டியதில்லை. நன்றி ஒரே வரிதான். ஆனால் அதற்கு அடுத்த வரி, அந்த அறையில் இருந்தவரைத் தவிர வேறு எவரும் எழுத முடியாதது. மலாயில் எல்லாக் கடிதமும் "செக்கியான், தெரிமா காசே" என்றுதான் முடியும். மின்கட்டணப் பாக்கிக்கு வரும் கடிதத்திலும் அந்த "தெரிமா காசே" இருக்கலாம். எல்லாரும் எழுதும் நன்றியை எவரும் படிப்பதில்லை. எதற்கு நன்றி என்று சொல்லும் வரியைத்தான் கண் நின்று படிக்கும்.

விட்டுப்போன பதில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். சிலர் நேர்முகத்தில் தடுமாறிய எல்லாக் கேள்விக்கும் வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதி அனுப்புகிறார்கள். அது அவர்கள் கவனிக்காத குறைகளையும் நாமே எடுத்துக் காட்டுவதாகிவிடும். சம்பளப் பேச்சையும் இதில் இழுக்கக் கூடாது. அதற்குரிய நேரம், வேலை தருவதாக அவர்கள் சொன்ன பிறகு வரும். "எப்போது முடிவு சொல்வீர்கள்?" என்ற கேள்வியும் வேண்டாம். அந்தக் கேள்வியை அறையிலிருந்து எழும் முன்பே நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம் பிள்ளைகள் மிகவும் சறுக்குகிறார்கள். மலாய்க்காரர் பெயரில் 'பின்' அல்லது 'பிந்தி' என்பதற்கு முன்னால் இருப்பதே அவர் பெயர். பின்னால் இருப்பது தகப்பனார் பெயர். 'என்சே' என்றோ 'புவான்' என்றோ போட்டுத் தகப்பனார் பெயரை எழுதினால் வேறொருவரை அழைத்ததாகும். சீனர் பெயரில் பெரும்பாலும் குடும்பப் பெயர் முதலில் நிற்கும். மரியாதையோடு அழைக்கும்போது அந்தக் குடும்பப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு வழி உண்டு. அவர் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தின் அடியில் கையெழுத்திட்ட விதத்தைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். ஒரே கடிதத்தைப் பல நிறுவனங்களுக்குத் திருத்தி அனுப்புகிறவர்கள், பழைய நிறுவனத்தின் பெயரை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. அப்படி ஒரு கடிதம் போவதைவிட, போகாமல் இருப்பதே மேல்.

இனி நேரம். பிள்ளை அன்றிரவே அனுப்பிவிடத் துடித்தாள். இரவு 10 மணியைத் தாண்டியிருந்தது. களைப்பில் எழுதியதை ஒருமுறை தூங்கி எழுந்து படி என்றேன். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை மீண்டும் படித்ததில், நிர்வாகியின் பதவிப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை தெரிந்தது. திருத்தி, காலை 8.30 மணிக்கு அனுப்பினாள். நேர்முகம் முடிந்து 24 மணி நேரம் ஆகவில்லை. அதிகாரி மேசைக்கு வரும்போது கடிதம் மேலே இருக்கும். நேர்முகமே வெள்ளிக்கிழமை மாலை நடந்திருந்தால், அன்று மாலையே எழுதிப் படித்துப் பார்த்து அனுப்பிவிடச் சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவர்கள் உட்கார்ந்து வரிசை எழுதிவிடக் கூடும். அறையைவிட்டு வெளியே வந்த ஐந்தாவது நிமிடத்தில் அனுப்புவதும் வேண்டாம். வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு வந்தது போலத் தோன்றும்.

மின்னஞ்சல் இல்லாமல் வாட்ஸ்அப்பிலேயே அழைத்திருந்தால் அதிலேயே மூன்று வரி எழுதலாம். குரல் பதிவு வேண்டாம். பூப்படம், கைகூப்பும் படம் எதுவும் வேண்டாம். நிர்வாகியின் சொந்த எண்ணை எங்கிருந்தோ தேடிப் பிடித்து அனுப்புவதும் கூடாது. அவர் தாமே எண்ணையோ முகவரி அட்டையையோ கொடுத்திருந்தால் மட்டும் எழுதலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதெல்லாம் தனியார் நிறுவனங்களுக்குத்தான். பொதுச்சேவை ஆணையம் நடத்தும் அரசாங்க வேலை நேர்முகத்துக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே முடிவை ஆணையத்தின் இணையப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். தேர்வாளரைத் தனியே அணுகுவது, நல்ல எண்ணத்தில் செய்தாலும், செல்வாக்குத் தேடுவதாகவே கொள்ளப்படும். அறையிலேயே நன்றி சொல்லிவிட்டு வந்தால் போதும்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று மதியத்துக்கு முன்பே இரண்டு வரியில் பதில் வந்தது: கடிதம் கிடைத்தது, நிர்வாகியிடம் தெரிவிக்கப்பட்டது, முடிவை இரண்டு வாரத்தில் சொல்கிறோம் என்று. இரண்டு வாரம் கழித்து வந்த செய்தி நல்ல செய்தி இல்லை. அனுபவமுள்ள வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். தகப்பனார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கூடை அவர் நினைவில் வந்து போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை அதற்கும் ஒரு வரி எழுதினாள்: தெரிவித்தமைக்கு நன்றி, பின்னால் இடம் இருந்தால் என்னை நினைவில் கொள்ளுங்கள் என்று. ஐந்து வாரம் சென்று அதே பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். சேர்ந்தவர் நிலைக்கவில்லை. "மாதக் கடைசியில் கிள்ளானில் தங்கும் ஏற்பாடு இன்னும் இருக்கிறதா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இருக்கிறது என்றாள். மறு திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள்.

கடிதத்தால்தான் வேலை கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். வரிசையில் இரண்டாம் இடத்தை அவள் அந்த அறையில் சொன்ன பதில்களால்தான் பெற்றிருப்பாள். ஆனால் ஐந்து வாரம் கழித்தும் அந்த அதிகாரிக்கு அவளைப் பற்றி நினைவிருந்தது அவளுடைய கஷ்டம் அல்ல, அவள் செய்து வைத்திருந்த ஏற்பாடு.

இப்போது மாதக் கடைசி நாலு நாளும் அவள் மாமா வீட்டில்தான் தங்குகிறாள். தகப்பனார் பழக்கூடையும் வாங்கிவிட்டார். அது போன இடம் கிள்ளானில் உள்ள அந்த மாமா வீடு.